வட்டத்துக்குள் என் முதல் எழுத்து

மீட்டிங்குக்கு யார் அழைத்தாலும் 'அக்செப்ட்' அழுத்தும் முட்டாளாக நான் வெகு நாள் இருந்தேன். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் யாரும் "வரமாட்டேன்" என்று சொல்வதில்லை. "வந்துடறனுங்க" என்போம், போகமாட்டோம். கூப்பிட்டவரும் அதைப் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு இந்த மரியாதை தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

கஞ்சிக்கோட்டில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பாலையில் உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. எந்த உலை எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பதற்கு நான் தலையாட்ட வேண்டும். அதனால் எல்லோரும் அழைப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங் வந்தால், என் அறையில் லேப்டாப்பை ஒன்றில் இணைத்து, கேமராவையும் மைக்கையும் அணைத்து வைத்துவிட்டு, உடம்போடு இன்னொன்றுக்குப் போவேன். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வீட்டில் வேறு சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் மலைக் கணவாய் வழியே வரும் காற்று கூரைத் தகடுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஸ்டோர்ஸ் மீட்டிங் முடிந்து, லேப்டாப்பை இணைத்துவிட்டு வந்த இன்னொரு மீட்டிங் நடக்கும் கான்ஃபரன்ஸ் அறையைத் தாண்டினேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே எல்லோரும் சுவர்த் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு கறுப்புக் கட்டம், அதில் வட்டத்துக்குள் என் பெயரின் முதல் எழுத்து. மேஜையருகே எனக்கென்று விட்ட நாற்காலி காலி. அதன் முன்னால் ஒரு டீ, ஆடை படிந்து.

"உலைய வெள்ளிக்கிழமை நிறுத்தறதுக்குப் பதிலா, அடுத்த வாரம் நிறுத்திக்கலாமுங்களா சார்?" என்று விற்பனைத் தலைவர் கட்டத்திடம் கேட்டார். கோயம்புத்தூர்க்காரர், என் பழைய சிநேகிதர்.

காற்று மட்டும் ஊளையிட்டது. ஏழெட்டுப் பேர் அந்த எழுத்தையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு கணம், அது பதில் சொல்லிவிடும் என்றுதான் நினைத்தேன்.

"சார் ஒண்ணுஞ் சொல்லல. அப்ப சரிங்க."

மெயின்டனன்ஸ் பார்க்கும் அம்மா எழுந்தார். "அன்னைக்கும் இப்படித்தானுங்க சார் பேசாம இருந்து ஒரு தடவ தள்ளுனாரு. உலையோட உள்பூச்சு தேஞ்சு போச்சுங்க. உருகுன இரும்பு பொத்துக்கிட்டு வந்து, சுத்தி ஓடற கொழாய்த் தண்ணியத் தொட்டா, வெடிச்சு என்ற பசங்க நிக்கிற எடமே இருக்காதுங்க."

முன்பே ஒரு முறை நான் சம்மதித்திருக்கிறேன். எப்போது? அந்த நேரம் எங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்?

"நான் ஒத்துக்கலைங்க," என்றேன் வாசலிலிருந்து. யாரும் திரும்பவில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். இன்னொரு முறை சொன்ன பிறகே திரும்பினார்கள். செத்தவன் வந்து நிற்பதைப் போலப் பார்த்தார்கள். திரையில் அந்த எழுத்து அசையாமல் இருந்தது.

உலை வெள்ளிக்கிழமையே நின்றது. பூச்சை உடைத்தெடுத்தபோது ஒரு பக்கம் அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது. அந்த அம்மா பூச்சுத் துண்டு ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றே காலண்டரைத் திறந்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரே கேள்வி: நான் இல்லாவிட்டால் இதில் எந்த முடிவு நின்றுபோகும்? உலை சம்பந்தப்பட்டவற்றுக்கு நேரில் போவது. ஸ்டோர்ஸுக்கு என் உதவியாளர் போவார். அவர் சொன்னால் நான் சொன்னது போல என்று எழுதிக் கொடுத்தேன். வெறும் தகவலுக்கான மீட்டிங்குகளுக்குக் குறிப்பு மட்டும் அனுப்பச் சொன்னேன்.

விற்பனைத் தலைவரின் வாராந்தர மீட்டிங்தான் தொண்டையில் சிக்கியது. வெறுமனே 'டிக்ளைன்' அழுத்தினால் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்த மாதிரி ஆகிவிடும். முதலில் போன் செய்து, இனி வாராவாரம் வரமாட்டேன் என்றேன்.

"ஏனுங்க, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. உங்க மீட்டிங்ல முக்காவாசி லாரிப் பேச்சு, அதுல எனக்கு வேல இல்ல. அனுப்பற தேதி மாத்தணும்னா முந்துன நாளே சொல்லுங்க, அந்தப் பேச்சுக்கு மட்டும் கட்டாயம் வந்துடறனுங்க."

மறுமுனையில் நீண்ட அமைதி. மைக்கை அணைத்துவிட்டாரோ என்று பயந்தேன். "சரிங்க," என்றார் கடைசியில். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

சொன்னபடி ஒரு தேதி மாற்றத்துக்கு அழைத்தார். போனேன், பேசினேன், வழக்கம்போல நாலு ஜோக்கும் அடித்தேன். முடிந்ததும் வராந்தாவில் என்னை நிறுத்தி, தோளில் கை போட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கறுப்புக் கட்டமே தேவலைங்க. அது அறுக்காது."