பத்திலிருந்து பதினொன்றரை வரை

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில், லண்டனுக்குப் போகும் தந்திகளைச் சங்கேதமாக மாற்றுவது என் வேலை. அதற்கான கோட் புத்தகத்தில் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்று உண்டு. ஒருநாள் நடுவில் டெலிபோனுக்கு எழுந்து போய்த் திரும்பியவன், அடுத்த வரியின் சொல்லை எழுதிவிட்டேன். வெள்ளாட்டுத் தோல் செம்மறித் தோலாகிவிட்டது.

“இன்னொரு தடவை ஆச்சுன்னா வேலைக்கு வராதே” என்றார் முதலாளி.

அதன்பின் பத்திலிருந்து பதினொன்றரை வரை தந்திக்கு மட்டும் ஒதுக்கி, கதவைச் சாத்திக்கொண்டேன். வரும் போன்களை எடுத்துச் சீட்டில் குறித்துவைக்க, வெளியே போன் பக்கத்தில் உட்காரும் குமாஸ்தா பாய் ஒப்புக்கொண்டார். பதினொன்றரைக்கு மேல் எல்லோருக்கும் நானே பதில் சொல்வேன். தீப்பிடித்தால் மட்டும் என்னைக் கூப்பிடலாம் என்று பாயிடம் சொல்லிவைத்தேன். இதை முதலாளியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள், மெட்ராஸுக்குப் போயிருந்த முதலாளியே அங்கிருந்து டிரங்க் காலில் வந்தார்.

“உள்ள வேலையா இருக்கார் சாப். பதினொன்னரைக்குப் பேசுவார்” என்று பாய் சொல்வது கதவு வழியே கேட்டது. “இல்ல சாப், தீ ஒண்ணும் புடிக்கல.”

எழுந்தால் வரி தப்பும், எழாவிட்டால் வேலை போகும். அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து முடித்தேன். இரண்டு முறை சரிபார்த்துத் தந்தியை அனுப்பினேன். பிறகு டிரங்க் கால் பதிவுசெய்து, லைன் கிடைக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தந்தி போச்சா?”

“போச்சு சாப்.”

“தப்பில்லையே?”

“இல்ல சாப்.”



“சரி, நாளைக்குப் பன்னெண்டுக்கு மேல பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

கோபமா, சம்மதமா, தெரியவில்லை. மறுநாளும் பத்து மணிக்குப் பயந்துகொண்டேதான் கதவைச் சாத்தினேன்.