மாதத்தின் முதல் ஞாயிறு

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பீரோவின் கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஏழே காலுக்கு டிராக்டர் வந்துவிடும் என்று அறிவிப்பில் இருந்ததால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். அதனால்தான் அந்த நேரம் இன்றுவரை மறக்கவில்லை.

அப்போது சங்கரன்கோவிலில் அரசு ஊழியர்களுக்கான மூன்று மாடிக் குடியிருப்பில் இருந்தோம். உடைந்த கட்டிலும் பஞ்சு பிதுங்கிய மெத்தையும் படிக்கட்டுத் திருப்பங்களில் சேர்ந்துகொண்டே போயின. குடியிருப்போர் சங்கக் கமிட்டி கூடி, மாடிப்படியின் அடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியது. மாதத்தின் முதல் ஞாயிறு பழைய பெரிய சாமான்களை எடுத்துப் போக டிராக்டர் வரும். சனிக்கிழமை மாலைக்கு மேல் கீழே இறக்கி வைக்கலாம். மெத்தையைச் சுருட்டிக் கட்ட வேண்டும். கதவுள்ள சாமான்களின் கதவு ஆடாதபடி கயிறு போட வேண்டும். மரச் சாமான்கள் கரிவலம்வந்தநல்லூர் சாலையில் உள்ள விறகுக்கடைக்குப் போகும். மெத்தைகள் ஊருக்கு வெளியே உள்ள பள்ளத்துக்கு.

எங்கள் மரப் பீரோ மனைவியின் கல்யாணச் சீர். முதுகுப் பலகையைச் செல் அரித்து, விரல் விடும் அளவுக்கு ஓட்டைகள். சனிக்கிழமை மாலை அதைக் காலி செய்து, இரண்டு பேரை வைத்து இறக்கினேன். ஆறு வயது மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன் கீழ்த்தட்டில்தான் அவள் பொம்மைகளை வைத்து விளையாடுவாள். புதிதாக வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

ஞாயிறு காலை நான் கயிற்றோடு இறங்கியபோது, கமிட்டிச் செயலாளர் பல் துலக்கிக்கொண்டே நின்றார்.

"என்ன சார், மாமனார் வீட்டுச் சீரை விறகுக்கு அனுப்புதியளா? வீட்டுல சோறு கிடைக்குமா?"

"செல்லு பிடிச்ச சீருய்யா. உமக்கு வேணும்னா எடுத்துக்கிடும்."

அந்தக் கேலியில் எனக்கு முகம் சுருங்கியது. சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று, பாதி திறந்திருந்த கதவை முழங்காலால் தள்ளி மூடி, மூன்று சுற்றுக் கட்டினேன். உள்ளே பார்க்கவில்லை. நேற்றுதானே காலி செய்தேன்.

டிராக்டர் வந்து, ஏற்றிக்கொண்டு, ஏழரைக்குள் போய்விட்டது. தூக்கியவர்களில் ஒருவர், "செல்லு பிடிச்சாலும் கனம் குறையலியே" என்றார். நானும் சிரித்தேன்.

இட்லி எடுத்து வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "ஏங்க, பிள்ளை உங்க கூடத்தானே கீழ வந்தா?"

என்னோடு வரவில்லை. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் கொட்டகை என்று ஓடினேன். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் மட்டுமே இருந்தது. கீழ்வீட்டு அம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் எங்கிட்ட ஒண்ணு கேட்டா. உள்ள ஆளு உக்காந்திருந்தா பீரோவத் தூக்க மாட்டாங்கல்ல அத்தைன்னு. நான் வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன்!"

மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. முடிச்சுப் போட்ட என் விரல்களைப் பார்த்தபடி நின்றேன். விறகுக்கடையில் சாமான் இறங்கியதும் கோடரிதான் பேசும். அது எல்லோருக்கும் தெரியும்.

செருப்பில்லாமல் சைக்கிளை எடுத்தேன். செயலாளர் தம் சைக்கிளில் பின்னால் வந்தார். வாயில் பற்பொடி நுரை காய்ந்திருந்தது. "ஓட்டை இருக்குல்ல சார், காத்து வரும், காத்து வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாலை வளைவு தாண்டியும் டிராக்டரைக் காணோம். சங்கிலி கழன்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். வழியில் நின்றவர்கள் ஏதோ கேட்டார்கள். நான் நிற்கவில்லை.

எதிரே அந்த டிராக்டரே திரும்பி வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால், காலிப் பெட்டியில், விறகுக்கடைக்கார அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் என் மகள். தலையெல்லாம் செல் மண். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வண்டி நின்றது. நான் கை நீட்டினேன், பிள்ளை வரவில்லை. அந்த அம்மா இறங்காமலே என்னைப் பார்த்தாள்.

"கோடரிய ஓங்கியாச்சு சார். உள்ள இருந்து இருமல் கேட்டுச்சு. தெறந்தா, இவ அழல, அம்மான்னு கூப்பிடல. 'அப்பாகிட்ட சொல்லிராதீங்க'ன்னு என் காலப் பிடிச்சுக்கிட்டா."