ஆடி மாதத்து விலைப் பக்கம்

விலைப் பட்டியல் எழுதப்போய் மெய்சிலிர்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சாஃப்ட்வேர் கம்பெனிகளின் இணையதளத்துக்கு வாசகம் எழுதுவது என் பிழைப்பு. செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு எங்கெங்கோ உள்ளவர்களுக்கு எழுதித் தருவேன். உள்ளூரில் எனக்கிருந்த ஒரே வாடிக்கையாளர் என் பள்ளித் தோழி. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, திண்டிவனம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை பிடித்து, கல்யாண மண்டபங்களுக்கான சாஃப்ட்வேர் நடத்திக்கொண்டிருந்தாள். எந்தத் தேதி காலி, யார் முன்பணம் கட்டினார்கள், யார் வாய்வார்த்தையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அது காட்டும். வாய்வார்த்தை என்றால் கட்டம் மஞ்சள், பணம் கட்டினால் பச்சை. மாதச் சந்தா. மூன்று திட்டம். சிறியது ஒரு மண்டபத்துக்கு, ஒரே ஆள் பார்க்கலாம். நடுவானது மூன்று மண்டபம் வரை, ரசீது அச்சடிக்கலாம், வாட்ஸப்பில் நினைவூட்டல் போகும். பெரியதில் எத்தனை மண்டபம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், சமையல் சாமான் கணக்கும் உண்டு.

ஆடி பிறந்ததும் மண்டபக்காரர்கள் ஒவ்வொருவராகச் சந்தாவை நிறுத்தினார்கள். போன வருஷமும் இதே கதைதான். ஆவணியில் திரும்புவோம் என்பார்கள், பாதிப் பேர் திரும்புவதில்லை. நோட்டும் பேனாவும் பழகிவிடும்.

"தை வரைக்கும் பாக்கறேன்டி. மார்கழியிலயும் இப்படியே கழண்டுகிட்டா நான் மறுபடியும் சென்னைக்கே போயிடறேன். பழைய ஆபீஸ்ல வரச்சொல்லி கூப்டுகினே இருக்காங்க. நீ அந்த விலைப் பக்கத்த மாத்தி எழுதிக் குடு" என்றாள்.

எனக்கு என் தொழிலில் கர்வம் ஜாஸ்தி. நடுத் திட்டத்தின் தலையில் 'பெரும்பாலோர் தேர்வு' என்று ஒரு பட்டை ஒட்டினேன். மாதம், வருடம் என்று மாற்றிப் பார்க்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் 'வருடத்துக்குக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்' என்று போட்டேன். ஊரில் உள்ள கம்பெனிகள் எல்லாம் போடுகிற வாசகம்தான். ஒரு ஈ காக்கை அந்தப் பொத்தானைத் தொடவில்லை. நிறத்தை மாற்றலாம் என்றேன். "நிறத்துல இன்னாடி இருக்குது? நிறுத்தினவங்களையே போய்க் கேக்கலாம், வா" என்று வண்டியை எடுத்தாள்.

அனந்தபுரத்தில் ஒரு மண்டபம். பூட்டைத் திறந்து எங்களை உள்ளே உட்கார வைத்தார் உரிமையாளர். நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன, அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. டீ வாங்கிவரச் சொன்னார்.

"ஆடி மாசத்துல இன்னா கண்ணு கல்யாணம்? பூட்டிக் கெடக்குற மண்டபத்துக்கு எதுக்கு நான் மாசா மாசம் காசு கட்டணும்?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தோம். அவர் போன் அடித்தது. ஆவணியில் ஒரு முகூர்த்தத் தேதி கேட்டார்கள். "ஆடியில அட்வான்ஸ் வாங்கறதில்ல. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு மட்டும் வாங்குவேன், வந்து குடுங்க, தேதிய புடிச்சி வச்சிடறேன்" என்றார். வைத்ததும் அடுத்த போன். டீ வந்து ஆறியது, போன் ஓயவில்லை. கல்யாணமே நடக்காத மாதத்தில் கல்யாணமெல்லாம் இங்கேதான் நிச்சயமாகிக்கொண்டிருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், இது எனக்கு உறைத்ததே இல்லை.

திடீரென்று தோழி எழுந்து நின்றாள். "அண்ணே, இப்ப குடுத்த தேதிய மொதல்ல பேசினவருக்கும் குடுத்தீங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. தலையில் அடித்துக்கொண்டு இரண்டாமவரைக் கூப்பிட்டு, தேதி போய்விட்டது, வேறு நாள் பாருங்கள் என்று மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் என்ன ஏச்சு வாங்கினாரோ, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் பின்சீட்டில் குதித்துக்கொண்டு வந்தேன். வாசகம் கிடைத்துவிட்டது. அறைக்கு வந்ததும் தட்டினேன்: 'ஆடியும் மார்கழியும் எங்கள் செலவு. மண்டபம் பூட்டியிருந்தாலும் தேதிகள் திறந்தே இருக்கும்.' அதே இரண்டு மாத இலவசம்தான், மாதத்தின் பெயரைச் சொன்னதும் அதற்கு உயிர் வந்துவிட்டது. வருடச் சந்தாவின் கீழே வைத்தேன்.

அவள் படித்துவிட்டு, "மூணு திட்டத்துக்கும் கீழ வை. மாசம் கட்டறவங்களுக்கும்தான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மாதம் கட்டுகிறவனுக்கும் இதையே கொடுத்தால் வருடத்துக்கு எவன் கட்டுவான்? காசை முன்கூட்டி வாங்குவதற்குத்தானே அந்தச் சலுகை? உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்று ஆகப்போகிறது என்று கத்தினேன்.

அவள் கோபப்படுவது ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம். அன்றைக்கும் படவில்லை. "சின்னத் திட்டத்துக்காரன்தான்டி நிறுத்திட்டுப் போறான். அவன் மண்டபத்துலதான் ஒரே தேதிய ரெண்டு பேருக்குக் குடுப்பான். என் கல்யாணத்தன்னிக்கு நீ இருந்தியே" என்றாள்.

இருந்தேன். இரண்டு மாப்பிள்ளை அழைப்பு ஒரே வாசலில் வந்து நின்றது. பெரிய இடத்துக்காரர்கள் உள்ளே போனார்கள். இவளுக்குத் தாலி ஏறியது பள்ளிக்கூட மைதானத்தில், வாடகைப் பந்தலில். அவள் அப்பா அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த சாஃப்ட்வேரே அங்கிருந்துதான் முளைத்தது என்பது அதுவரை எனக்குப் புரியவில்லை.

வருடப் பொத்தானையே எடுத்துவிட்டோம். மூன்று திட்டத்தின் கீழும் ஒரே வாசகம். ஆடி முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை எந்த நாளில் பில் விழுந்தாலும் தானாகத் தள்ளுபடியாகும்படி அவள் நிரலை மாற்றினாள், மார்கழிக்கும் அப்படியே. 'பெரும்பாலோர் தேர்வு' பட்டையை நானே கழற்றினேன். ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கும் பக்கத்தை அனுப்பி, கணக்கைத் திறந்துவிட்டாள்.

மார்கழி வந்தது. ஒரு நாள் முற்பகல் அவள் கூப்பிட்டதும் ஓடினேன். எல்லா மண்டபங்களின் தேதிகளையும் ஒன்றாகக் காட்டும் திரையைத் திறந்து வைத்திருந்தாள். ஊர் மட்டும் தெரியும், ஆள் பெயர் எதுவும் தெரியாது, வெறும் கட்டங்கள். மார்கழி முழுக்க வெள்ளை. அதற்குக் கீழே தை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டம் மஞ்சளானது. மேல்மலையனூர்ப் பக்கம். அடுத்து ஆரணி, அடுத்து அனந்தபுரம். சத்தமில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக மஞ்சள் பூத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு வீடு, புடவை எடுக்கக் கிளம்புகிற சனம், தூங்காத ஒரு அப்பா. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பேனே, அப்படித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பிறகு தொழில் புத்தி தலைதூக்கியது. "இன்னிக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒத்த ரூபா வரல" என்றாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒருத்தரும் போகவும் இல்ல."

அப்படியே போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினாள். வர முடியாது சார், இங்க கல்யாண வேலை இருக்குது என்றாள்.