தண்ணீரில் தைலக்

எங்கள் கரகோல் ஊர்ச் சந்தையில் ஜிபார் இருந்த காலத்தில், இசிக்குல் ஏரிக்கரைக்குப் போகாமலே அங்கே நின்றவர்கள் ஏராளம். போட்டோக் கடையின் ஒரே கணினி முன்னால், தோளில் சால்வையோடு உட்கார்ந்திருப்பாள். மாஸ்கோவில் செங்கல் தூக்குகிறவனைக் கொண்டுவந்து இங்கே குடும்பத்தோடு நிறுத்திவிடுவாள். ரயிலும் வேண்டாம், முதலாளியின் அனுமதியும் வேண்டாம். எங்கள் ஊர் அந்த நாட்களில் நிறைவாக இருந்தது, படங்களில்.

ஒருநாள் புருல் ஆபா வந்தாள். வயதான பெண்களை நாங்கள் ஆபா என்போம்; இவளை மட்டும் கொஞ்சம் பயந்துகொண்டே சொல்வோம். எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்காக, சொந்தக்காரர்களைக் கூப்பிடாமல் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு மட்டும் ஏரிக்கரையில் நின்று எடுத்த படம் கையில். கடைசி மகன் தைலக் மட்டும் இல்லை. அவன் மாஸ்கோ போனவன், போனவன்தான். பெற்றவளை மறந்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள்.

"விருந்தன்னிக்கு இந்தப் படம் சுவத்துல மாட்டணும். என் பக்கத்துல அவன் நிக்கணும். எவனுக்கும் சந்தேகம் வரக் கூடாது" என்றாள். தைலக் அனுப்பியிருந்த படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு வலது கையை உயர்த்தியிருந்தான்.

மறுநாளே ஜிபார் அவனை நிறுத்திக் காட்டினாள். ஆபா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் தண்ணிக்குள்ள தெரியறோம். என் மகன் மட்டும் எங்கடி? பேயா அவன்?"

காற்று அதிகமில்லாத காலையில் தண்ணீர்ப் பக்கமிருந்து எடுத்த படம். ஏரி எல்லோரையும் வாங்கி வைத்திருந்தது. ஜிபார் அவசரத்தில் தைலக்கைப் பிரதி எடுத்து, தலைகீழாகச் சுழற்றி நீரில் வைத்தாள்.

"மேல இந்தப் பக்கம் கை. கீழ அந்தப் பக்கம் கை. ரெண்டு பேருக்குக் கையாட்டுறானா?"

கடைக்காரன் மெதேர் வெடித்துச் சிரித்தான். "ஆபா, நீங்களே வந்து உக்காந்துருங்க. சம்பளம் தர்றேன்."

"உன் சம்பளத்துக்கு இவ ஒருத்தி ஏமாந்தது போதும்."

ஜிபாருக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்தைச் சுழற்றாமல் மேல்கீழாக மட்டும் புரட்டினாள்; கை அதே பக்கம் வந்தது. குடும்பம் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நின்றதால் மற்றவர்களின் கால்களை நீரில் கரைக்கற்கள் மறைத்திருந்தன. தைலக்கின் காலையும் அங்கேயே வெட்டினாள். நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினாள். சிற்றலை ஓடிய இடங்களில் உருவத்தை நெளித்து, நீளவாக்கில் இழுத்துவிட்டாள். பிறகும் ஏதோ இடித்தது. தொப்பி! நீர் ஆளைக் கீழிருந்து பார்க்கும். தொப்பியின் முன்விளிம்புக்கு அடிப்பக்கம் அல்லவா தெரிய வேண்டும்?

அதற்காக மெதேரின் தலையில் அதே மாதிரித் தொப்பியைக் கவிழ்த்து, ஜிபார் தரையில் படுத்துப் படமெடுத்தாள். சந்தையே வேடிக்கை பார்த்தது.

"பொறந்ததுலேர்ந்து என்னை இவ்வளவு உயரமா யாரும் பாத்ததில்ல" என்றான் மெதேர். அவன் தொப்பியும் மோவாயும் நீரிலிருந்த தைலக்குக்குப் போயின.

விருந்தில் படம் மாட்டப்பட்டது. தைலக்கின் பெரியப்பா சோரோன்பாய் கிட்டே போய்ப் பார்த்தார். அவர் மீன்பிடிப் படகில் நரைத்தவர். நேரே தண்ணீரைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்தது.

"வந்திருக்கான்! ஏரி வரைக்கும் வந்திருக்கான், பெரியப்பனுக்கு ஒரு சலாம் சொல்லத் தோணலையா? விருந்தாளின்னு அவனுக்கு எடுத்து வைக்க எங்க வீட்டுல ஒரு கறியெலும்பு இல்லாமப் போச்சா?"

அவ்வளவுதான். அத்தையும் கோபித்தாள், மாமனும் கோபித்தான். வந்தவன் யார் வீட்டு ரொட்டியையும் பிய்த்து வாயில் போடாமல் போனானாம். எங்கள் பக்கத்தில் இதற்குக் கொலைக்கு அடுத்த இடம். முன்பு மறந்துபோன மகனாக இருந்தவன், இப்போது மதிக்காத மகன் ஆனான்.

இரண்டு நாள் கழித்து ஆபா படத்தோடு கடைக்கு வந்தாள்.

"தண்ணில இருக்கறவனை அழிச்சிரு, மகளே. ஒட்டுன படம்னு தெரியட்டும். அவனைத் திட்டுறாங்க."

ஜிபார் கணினியில் படத்தைத் திறந்தாள். சுட்டியை ஒருமுறை அழுத்தினாள். நீரில் தைலக் இல்லை. மேலே நின்றவன் உடனே வெட்டி ஒட்டிய காகிதமாகிப்போனான். ஆபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வை."

வைத்தாள். நீரில் தொப்பியும் மோவாயும் நெளிந்தன.

"இருக்கட்டும்" என்றாள் ஆபா. "கோவத்துல பெரியப்பா அவனுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் திட்டியிருக்காரு. அத்தைக்காரியும் திட்டியிருக்கா. இத்தனை வருஷத்துல அவனை யாரு இப்படித் தேடினா? இனி வீடு வீடா வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் தீரும்."

"வராட்டி, ஆபா?"

"வராட்டி இன்னும் திட்டுவாங்க."

படத்தைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், பழைய ஆணியிலேயே மாட்ட.