ஒரே பணத்துக்கு நான்கு பெயர்

தாராவியில் எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் அடுத்த வருஷத் திட்டத்தைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நன்றாக எழுதுவேன் என்பதற்காக இல்லை. சங்கத்தில் சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் நான்தான், அதுவும் அரைச் சம்பளம். பகலில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு, சாயங்காலம் சங்கம். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுதிய தாளை மடித்ததும் ஏதோ தப்பு இருக்கிறது என்று மறுபடி பிரிப்பேன். பல நேரம் இருக்கவும் செய்யும்.

பொதுக்குழு திட்டத்தை ஏற்றால்தான் ஜில்லா பாங்கு எங்களுக்குப் பணம் தரும். அந்த வருஷம் பக்ரீத் மழைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. பண்டிகை முடிந்ததும் ஆட்டுத் தோல் வந்து குவியும், விலை இறங்கும். கையில் ரொக்கம் உள்ளவன் வாங்கி உப்புப் போட்டுக்கொள்வான். இல்லாதவன் குர்லாவில் இருந்த வட்டிக்காரரிடம் போவான். அவர் நூறு ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கி, முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் எண்ணித் தருவார்.

எங்கள் தலைவர் தோல் வியாபாரி. எல்லாரும் பாய் என்போம். திட்டத்தின் முதல் பகுதியை அவர் வாயால் சொல்ல நான் எழுதினேன். ஆடிட்டர் கொடுத்த இங்கிலீஷ் குறிப்பிலிருந்து இன்னொரு பகுதி வந்தது. கடைசிப் பகுதியை மாதுங்காவில் இருந்த ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாய்க்குத் தெரிந்தவர். நான் மூன்றையும் ஒட்டித் தைத்தேன். மூன்று பேர் கைபட்ட சட்டை மாதிரிதான் இருந்தது.

அதை முதலில் வாசித்துக் காட்டியது ஒரு தொட்டிக்காரருக்கு. நாலு தொட்டி வைத்துத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். பொதுக்குழுவில் அவர் கை தூக்கினால் அவர் சந்தே தூக்கும். டீக்கடையில் வைத்து வாசித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

“ஐநூறு கேட்டா நானூத்தம்பதுதான் கைக்கு வருமா?”

ஆமாம் என்றேன். நூறுக்குப் பத்து வீதம் பிடித்து அவர் பேரில் சங்கத்தில் பங்காகச் சேர்ப்போம் என்றேன்.

“குர்லாக்காரனும் முதல்லயேதான் புடிக்கான். அவன் காந்தித் தொப்பி போடல, நீங்க போட்டிருக்கீங்க. வேற என்ன வித்தியாசம் அண்ணாச்சி?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்க வாயெடுத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். இந்த ஆளே இப்படி நினைத்தால் பொதுக்குழு என்ன ஆகும் என்ற கவலையோடு சங்கத்துக்குத் திரும்பினேன்.

மறுபடி தாளைப் பார்த்தபோது கோளாறு கண்ணில் பட்டது. அந்தப் பத்து ரூபாயைப் பாய் ‘பிடித்தம்’ என்று சொல்லியிருந்தார். ஆடிட்டர் பகுதியில் அது ‘கழிவு’. மாதுங்காப் பெரியவர் ஒரு இடத்தில் ‘பங்கு மூலதனம்’ என்றும், அடுத்த பக்கத்தில், சொன்னதையே சொல்ல வேண்டாமென்று, ‘முன்செலுத்து தொகை’ என்றும் எழுதியிருந்தார். ஒரே பணம், நான்கு பெயர். கேட்கிறவனுக்கு நான்கு இடத்தில் நான்கு தடவை பிடிப்பது போலத்தான் இருக்கும். வட்டியும் ஒரு இடத்தில் வட்டி, ஒரு இடத்தில் கட்டணம்.

ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்குப் போனேன். பெரியவர் காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன், படவில்லை.

“ஒரே வார்த்தையையே போட்டுண்டு போனா படிக்க நன்னாயிருக்காதேன்னு மாத்தினேன்” என்றார். “சரி, நீங்க சொல்றதுதான் சரி. பாங்கிலும் அப்படித்தான் எழுதுவோம். தமிழ்னதும் எனக்குக் கை தானா அலங்காரத்துக்குப் போயிடறது.”

இரண்டு பேருமாக உட்கார்ந்து திருத்தினோம். வாங்கியது ‘கடன்’. அதற்குச் சங்கத்துக்குத் தருவது ‘வட்டி’, கட்டாமல் நிற்கும் அசலுக்கு மட்டும். மாதாமாதம் கட்டுவது ‘தவணை’. உறுப்பினர் பேரில் சேர்வது ‘பங்குப் பணம்’. லாபம் வந்தால் பங்குப் பணத்துக்குக் கிடைப்பது ‘ஈவு’. வேறு பெயர் எங்கும் கிடையாது. முதல் பக்கத்திலேயே ஒவ்வொன்றும் என்னவென்று ஒரு வரி. பங்குப் பணத்துக்கு நேராக, ‘இது உங்கள் பணம், சங்கத்தைவிட்டு விலகும்போது திரும்பக் கிடைக்கும்’ என்று எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

பெரியவர் அந்த வரியில் விரலை வைத்தார். விலகுகிறவர் தாமே கடன் பாக்கி வைத்திருந்தாலோ, அவர் ஜாமீன் நின்ற ஆள் பாக்கி வைத்திருந்தாலோ திரும்பக் கிடைக்காது, துணைவிதியில் இருக்கிறதே என்றார். அதையும் எழுதினால் யாரும் ஜாமீன் போட வரமாட்டார்கள் என்றேன்.

“தெளிவா இருக்கணும்னுதானே வந்தேள்? அப்போ இதுவும் தெளிவாத்தான் இருக்கணும்.”

எழுதினேன். மாதுங்காவிலிருந்து நடந்தே வந்தேன். வழியெல்லாம் அந்த வரியை எடுத்துவிடலாமா என்ற யோசனைதான்.

பொதுக்குழு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பாய் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பங்குப் பணம் வந்த இடமெல்லாம் பங்குப் பணம்தான். யாரும் சிரிக்கவில்லை. ஜாமீன் வரி வந்ததும் தொட்டிக்காரர் எழுந்தார்.

அவர் மச்சான் சங்கத்தில் கடன் வாங்கிவிட்டுக் கல்யாண் பக்கம் போய், தவணை கட்டாமல் இருந்தான். ஜாமீன் இவர்தான். எல்லாருக்கும் தெரியும்.

“அப்ப என் பங்குப் பணம், அவன் கட்டுற வரைக்கும் இங்கதான் கெடக்கும்?”

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“இத்தன வருசமா இதை யாரும் சொல்லலியே.”

“இப்பச் சொல்லியிருக்கு” என்றார் பாய்.

தொட்டிக்காரர் தன் சந்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி, முன்வட்டி இல்லன்னு வெளங்கிட்டு. அது போதும்” என்று கையைத் தூக்கினார். சந்து மொத்தமும் தூக்கியது. திட்டம் நிறைவேறியது. பாங்குப் பணம் பக்ரீத்துக்கு முன்பே வந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை, அலுப்புதான் மிஞ்சியது.

கடனுக்கு முதலில் வந்தவர்களில் தொட்டிக்காரரும் ஒருவர். ஐநூறு கேட்டிருந்தார். ஐநூறுக்கு இரண்டு ஜாமீன் வேண்டும். ஒரு ஜாமீன் என்றால் அதில் பாதிதான். அவரோடு வந்த தம்பி, அந்த ஜாமீன் வரியையும் சேர்த்து நான் புதிதாக எழுதியிருந்த ஜாமீன் பத்திரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது ஆள் பக்கத்துத் தொட்டிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர், பெருவிரல் ரேகைதான். ரேகை வைக்கிறவருக்கு வாசித்துச் சொல்லித்தான் வைக்கச் சொல்ல வேண்டும், அது முறை. தொட்டிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு வரியை வேகமாகச் சொல்லிக் கடந்திருப்பேனோ என்னவோ.

நிதானமாக வாசித்தேன். மையைத் தொட்டிருந்த விரலை அந்த ஆள் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதப்பா. பொம்பளப் புள்ளய கட்டிக் குடுக்கணும். மச்சானால உன் பணம் மாட்டுன மாதிரி என் பணமும் மாட்டிக்கிட்டா நான் எங்க போவேன்?” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இருநூற்றைம்பது ரூபாய்க் கடன், இருபத்தைந்து பங்குப் பணம், கைக்கு இருநூற்று இருபத்தைந்து. எண்ணிக் கொடுத்தேன். தொட்டிக்காரர் அதை மறுபடி எண்ணவில்லை. மீதிக்குக் குர்லாவுக்குப் போவாரா என்று கேட்கப் பார்த்து, அப்படியே பேரேட்டில் தொகையை எழுதினேன். நாலு தொட்டியில் இரண்டு அந்த மழைக்காலம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து, அவர் போகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

படியிறங்கும்போது திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

“நல்லா வெளங்குற மாதிரிதான் எழுதியிருக்கீரு அண்ணாச்சி” என்றார்.

அடுத்த ஆளைக் கூப்பிட்டு, பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.