டேப்லெட்டில் இன்னும் கேட்டருகே நிற்கிறேன்

எங்கள் நிறுவனத்தின் பில் போடும் மென்பொருள் என்னைவிடக் கிழடு. கிண்டி அலுவலகத்தில் இருக்கும் கணினிகளைத் தவிர வேறெங்கும் அது ஓடாது. ஆகவே நான் ஊரப்பாக்கத்தில் பின்பக்கத்துப் படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு, மடிக்கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து, கிண்டியில் என் மேசைமேல் இருக்கும் கணினியை இங்கிருந்தபடியே ஓட்டுவேன். இங்கே ஒரு விசையைத் தட்டினால் அது கிண்டிவரை போக வேண்டும், அங்கே எழுத்தாக விழ வேண்டும், விழுந்த எழுத்தின் படம் திரும்பி வந்து என் திரையில் ஏற வேண்டும். நல்ல நாளில் இப்படியொரு பயணம் நடப்பதே தெரியாது.

கெட்ட நாள்கள் ஆடி மாதத்தில் ஆரம்பித்தன. 'சென்னை' என்று அடித்தால் 'செ' வரும். நான் தண்ணீர் குடித்து வருவேன். 'ன்னை' அதற்குப் பிறகு மொத்தமாக வந்து குதிக்கும்.

ஒரு நாள் பில்லைச் சேமிக்க என்டரைத் தட்டினேன். திரை அசையவில்லை. லிப்ட் வரவில்லையென்றால் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்தும் ஜாதி நான். என்டரை இன்னும் இரண்டு முறை குத்தினேன். குத்தியதெல்லாம் காற்றில் போய்விட்டதாக நினைத்தேன். போகவில்லை. வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கிண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது பில்லைச் சேமித்தது. அடுத்தது, "இதே பில்லை மறுபடி பதியவா?" என்று கேட்ட பெட்டிக்கு 'ஆமாம்' சொன்னது. அதற்கடுத்ததும் ஆமாம் சொன்னது. தென்னைநார் மிதியடி ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு ஒரே சரக்குக்கு மூன்று பில் போய்விட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"வீட்டு நெட்டு சரியில்லன்னா திங்கக்கிழமைலேர்ந்து ஆபீஸ் வந்துடுங்க சார். வெள்ளிக்கிழமை காலைல ஐடி மேடம் ஒரு மணி நேரம் உங்க லைன பாக்கட்டும். அவங்க சொல்றதுதான்."

போவதில் எனக்குச் சங்கடமில்லை, மின்சார ரயில் இருக்கிறது. ஆனால் முன்னறையில் என் மாமனார் இடுப்பெலும்பு முறிந்து, அறுவைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவரைத் தனியே விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி தாம்பரத்தில் டீச்சர். பல வருடம் கேட்டுக் கேட்டு இந்த வருடம்தான் பத்தாம் வகுப்பை வாங்கியிருந்தாள். நான் கிண்டிக்குப் போனால் அவள் லீவு போட்டு வீட்டில் உட்கார வேண்டும். வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "வெள்ளிக்கிழமைதானே?" என்று மட்டும் கேட்டாள்.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம், கேபிள்காரரைக் கூப்பிட்டு வேகத்தை மூன்று மடங்காக்கியது. அவர் மத்தியானம் வந்து, கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினார். முள் வலது கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"பாருண்ணா, சும்மா பிச்சிக்கினு போவுது. லைன்ல ஒரு பேஜாரும் இல்ல. உன் கம்பெனிலதான் இன்னாமோ கீது."

மறுநாள் காலை பழையபடி 'செ' வந்தது, 'ன்னை' வரவில்லை. ஜிஎஸ்டி ரோட்டை எத்தனை வழிச்சாலை ஆக்கினாலென்ன, நடுவில் ஒருவர் வண்டியைக் குறுக்கே போட்டால் எல்லோரும் நிற்க வேண்டியதுதானே என்று தோன்றியது. குறுக்கே போட்டவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாவது காரியம், திரை உறையும்போதெல்லாம் வாசல் கேட்டுக்கு ஓடியது. தெருக் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரை அண்ணாந்து பார்ப்பேன். எதைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஒருவேளை காக்காய் ஏதாவது அதில் உட்கார்ந்து என் எழுத்துகளைக் கொத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

கேட்டுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. எங்கள் செம்பருத்தியை விடிகாலையில் பறிப்பது யார் என்று கண்டுபிடிக்க நான் மாட்டியது. முதல் வாரமே கண்டுபிடித்தோம், எதிர்வீட்டு அக்கா. அவர்கள் வீட்டுச் சாம்பார் வாரம் இருமுறை எங்கள் வீட்டுக்கு வருவதால் விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டோம். வேலையில்லாமல் போன கேமரா, நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழித்த மாமாவுக்குப் பயன்பட்டது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர், மாலையானால் டீக்கடை பெஞ்சில்லாமல் இருக்க மாட்டார். இப்போது டேப்லெட்டில் தெருவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். யார் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது, எந்த நாய் எந்த நாயோடு பேசுவதில்லை, எல்லாம் அத்துப்படி.

கேட்டிலிருந்து நான் திரும்பி வரும்போது அவர் டேப்லெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். கேமரா படம் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விட்டு, நாலு நொடி கழித்துத்தான் பக்கத்து அறைக்கு வந்து சேரும்.

"இன்னா மாப்ள, இங்கயும் நிக்கிறீங்க, கேட்டாண்டயும் நிக்கிறீங்க?"

"அது பழைய நான் மாமா."

"அவுருதான் தேவல. கம்முனு நிக்கிறாரு."

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவேயில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் லைன் வெண்ணெய் போல் ஓடும். ஊரப்பாக்கமே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது, அதனால் கூட்டம் குறைகிறது என்று ஒரு கொள்கை வகுத்து, அதை மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். இன்னொன்று: கிளவுடில், அதாவது இணையத்திலேயே, இருக்கும் எங்கள் வருகைப் பதிவுத் தாள் மட்டும் எப்போதும் சுணங்குவதில்லை. அதே வீடு, அதே லைன், அதே நான்.

வியாழக்கிழமை காலை, பயம் தாங்காமல், ஐடி மேடத்துக்கு நானே போன் செய்தேன். பரீட்சைக்கு முன்னால் வாத்தியாரையே டியூஷனுக்குக் கூப்பிட்ட மாதிரி.

"வேகம் மூணு மடங்கு பண்ணிட்டேன் மேடம்."

"வேகத்த விடுங்க சார். உங்க வேலைக்கு அதுல ஒரு துளி போதும். ஒரு தட்டு போய்ட்டுத் திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுது, அதத்தான் பாக்கணும்."

"எவ்ளோ இருக்கணும்?"

"ஐம்பது மில்லி செகண்டுக்குள்ள இருந்தா, நீங்க கிண்டில இருக்கீங்களா வீட்ல இருக்கீங்களான்னு உங்களுக்கே மறந்துடும். நூறு வரைக்கும் வண்டி ஓடும். நூத்தம்பதத் தாண்டினா கை தடுமாறும். முந்நூறு நானூறுன்னா ஆளுங்க மூணு பில் போடுவாங்க."

செய்தி ஐடி வரை போயிருக்கிறது.

"அதுவும் ஒரே சீரா இருக்கணும் சார். ஒரு தடவ இருபது, அடுத்த தடவ நானூறுன்னா எந்தக் கையும் பழகாது."

"அப்ப வருகைத் தாள் மட்டும் எப்படி நல்லா ஓடுது?"

"அதுல எழுத்து உங்க லேப்டாப்லயே விழுந்துடும். அப்புறமா நிதானமா மேல போகும். ரிமோட்ல கிண்டிக்குப் போய்ட்டு வந்தாத்தான் எழுத்தே தெரியும்."

எனக்குப் பயம் குறைந்து ஆர்வம் ஏறியது. மேடம் பிங் கட்டளையை அடிக்கச் சொன்னார். ஒரு சின்னக் குரல் கொடுத்து, பதில் வர எத்தனை நேரம் என்று எண்ணும் வேலை. "முதல்ல ஆபீஸ கூப்பிடாதீங்க. உங்க வீட்டு ரவுட்டரயே கூப்பிடுங்க."

நாலு. மூன்று. ஆறு. பிறகு முந்நூற்று எண்பது. ஐந்நூற்றுப் பத்து. இருநூற்றுத் தொண்ணூறு.

"சார், இது கிண்டியும் இல்ல, கேபிள்காரரும் இல்ல. உங்க ரூமுக்கும் ரவுட்டருக்கும் நடுவுலயே மாட்டுது. வைஃபைல வேற யாரு இருக்கா?"

அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து குரல் வந்தது. "முருங்கக்கா வண்டி வந்துகினு கீது! வேணுமா மாப்ள?"

நான் போனை வைக்காமலே எழுந்து போனேன். "மாமா, அத ஒரு நிமிஷம் அணைங்களேன்." அணைத்தார். திரும்பி வந்தேன். நாலு. மூன்று. நாலு. "போடுங்க மாமா!" நானூறு.

மேடம் சிரித்துவிட்டு விளக்கினார். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். கேட்டுக் கேமராவுக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டு சுவர். சிக்னல் பலவீனமானதால் அது மெல்ல மெல்லத்தான் பேசும். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பெரிய மூட்டையோடு ஒருவர் படியேறினால் பின்னால் வரும் நாமெல்லாம் அவர் வேகத்துக்குத்தானே ஏற வேண்டும்? மாமா பார்க்கும்போது மூட்டை ஏறுகிறது; மாமா மதியம் தூங்கினால் படி காலி. ஊரப்பாக்கம் தூங்கவில்லை, ஒருவர்தான் தூங்கியிருக்கிறார். இன்னொரு சங்கதியும் சொன்னார்: ஆளில்லாத தெருவின் படம் லேசு, ஆள் நடமாடினால் கனம். அதாவது நான் பதறி ஓடிப் போய்க் கேட்டருகே நின்றபோதெல்லாம் மூட்டைமேல் ஏறி நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க வேல முக்கியம். நான் பாக்கலன்னா தெரு ஓடிடவா போவுது" என்று டேப்லெட்டைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தார். அன்று பகல் முழுக்க லைன் வெண்ணெய். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சாப்பாட்டில் பாதி மிச்சம். மனைவி வந்ததும் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நெட்டு சரியாயிடுச்சா?" என்றாள்.

மேடத்துக்கு மறுபடி போன். "கேமராவ நிறுத்தாம வேற வழி இல்லையா?"

"உங்க லேப்டாப்ப வைஃபைலேர்ந்து எடுத்துடுங்க சார். ரவுட்டர்லேர்ந்து நேரா ஒயர். அவங்க காத்துல அடிச்சிக்கட்டும், நீங்க தனி வழில போங்க. வெளிய போற லைன் பெருசு, ஒரு கேமராலாம் அதுக்குத் தூசு."

தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடி நீளமான லேன் கேபிள் வாங்கிவந்தேன். தரையில் விரித்ததும் மனைவி தடுத்தாள். "ஏங்க, அப்பா வாக்கர் இதுல மாட்டினா அடுத்த இடுப்பும் போயிடும்." அவளே ஸ்டூலில் ஏறி, திரைச்சீலைக் கம்பிமேலும் சாமி படங்களுக்குப் பின்னாலும் கதவு நிலைமேலும் இழுத்து வந்து, படுக்கையறையில் இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவளே டேப்லெட்டை நிமிர்த்தி அப்பா கையில் வைத்துவிட்டுப் போனாள். மேடம் போனில் இருக்க, சோதனை ஆரம்பித்தது. ரவுட்டர்: ஒன்று, ஒன்று, ஒன்று. கிண்டி: பதினைந்துக்குப் பக்கத்தில், அசையாமல். முன்னறையில் தெரு ஓடிக்கொண்டிருந்தது. பில் பில்லாகப் போட்டேன். தட்டத் தட்ட எழுத்து விழுந்தது.

கடைசிப் பில்லைச் சேமித்தபோது திரை நின்றது. என் விரல் என்டர்மேல் தானாகப் போயிற்று. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். கால்கள் கேட்டுப் பக்கம் கிளம்பப் பார்த்தன.

"பதறாதீங்க சார்" என்றது போன். "லைன் பதினஞ்சுலதான் நிக்குது. அது உங்க சாஃப்ட்வேர் யோசிக்குது."

கிழடு யோசித்து முடித்தது. ஒரு பில். ஒன்றே ஒன்று.

"மேனேஜர்ட்ட சொல்லிடறேன். வீட்லேர்ந்தே போடுங்க. ஒவ்வொண்ணா போடுங்க."

மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டு முன்னறைக்குப் போனேன். மாமா என்னைக் கவலையோடு பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஒரு மணி நேரமா கேட்டாண்ட ஆளையே காணோம்? உடம்புக்கு எதுனா?"

வெளியே போய், கேமராவுக்குக் கீழே நின்று, ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு உள்ளே ஓடி வந்தேன். டேப்லெட்டில் நான் இன்னும் கேட்டருகே நின்று ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமா எனக்கு முதுகைக் காட்டியபடி, கேட்டருகே நின்றவருக்குப் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.