பிறைக்கு முன் போட்ட பதிவு

நோன்புக் கஞ்சிக்கு ஸுல்பிகா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் தேங்காய்ப் பாலாக இருந்ததால் போனை மகள் றிஸ்னா பிடித்திருந்தாள்.

“கீழ போ. இன்னும் கீழ. அந்த நீலக் கதவு ஊடு, அத அமத்து.”

ஸுல்பிகாவுக்கு நாற்பத்து மூன்று வயது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது எட்டு. புத்தளத்தில் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறாள். கத்தரிக்காய் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு முதல் கடைக்குத் திரும்பி வருகிறவள். சந்தைக்காரர்கள் அவளைக் கண்டால் முதலிலேயே குறைந்த விலையைச் சொல்லிவிடுவார்கள், நேரம் மிச்சம் என்று. ஒரே அறைக்கு நாலு இணையத்தளங்கள் போட்டிருக்கும் நாலு விலையையும் ஒரே திரையில் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறதென்று றிஸ்னா சொன்ன நாளிலிருந்து நோன்புக் களைப்பே அவளுக்குத் தெரியவில்லை.

தேடியது சிலாபத்தில் ஒரு வீடு. ஒரு இரவுக்கு, இரண்டு குடும்பத்துக்கு.

நீர்கொழும்பில் இருக்கும் அவளுடைய நானா, மூத்த சகோதரர் ஜவ்பர், மன்னாரில் வாப்பாவின் தென்னங்காணியை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றிருந்தார். அவளுடைய பங்கை அனுப்பத்தான் செய்தார். அவள்தான் வாங்கவில்லை. ஆறு வருடமாக ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கவில்லை. இந்த நோன்பின் தொடக்கத்தில் அவரே போனில் கூப்பிட்டார். “ஒங்கட ஊட்டுக்கு நான் வரல்ல, எங்கட ஊட்டுக்கு நீயும் வரவேணாம். பெருநாளைக்கு அடுத்த நாள் நடுவுல எங்கயாச்சும் புள்ளகளோட இரிப்பம்” என்றார். புத்தளத்துக்கும் நீர்கொழும்புக்கும் நடு என்றால் சிலாபம்தான்.

“போன்ல திங்கக்கிழமை பெருநாள் எண்டு இரிக்கு. அப்ப செவ்வாய்க்குப் போடவா?” என்று றிஸ்னா கேட்டாள்.

“போடு.”

நீலக் கதவு வீட்டுக்குக் குறைந்த விலை காட்டிய தளம் திறந்தது. அங்கே அதே வீட்டுக்கு இரண்டு விலை. றிஸ்னா இரண்டையும் வாசித்தாள். கூடின விலையில், ஞாயிறு நள்ளிரவுக்கு முன் ரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்பும். குறைந்த விலையில் என்ன நடந்தாலும் திரும்பாது. பணம் இப்போதே கார்டில் கழியும்.

“உம்மா, குறைஞ்சதுல காசு திருப்பித் தரமாட்டாங்களாம். கீழ இன்னும் என்னமோ எழுதியிரிக்கு.”

“வாறத்துக்குத்தானே ஊடு எடுக்கிற? வராமப் போறத என்னத்துக்குக் கெடந்து வாசிக்கிற? குறைஞ்சதப் போடு.”

விலை மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ரத்துச் செய்ய வழி வைத்து எடுத்தால், நானா வரமாட்டார் என்று தானே முடிவு கட்டியதுபோல அவளுக்குப் பட்டது. கையைச் சீலையில் துடைத்து, வங்கி அனுப்பிய இலக்கத்தைத் தானே அடித்தாள்.

பிறை எப்போதும் போனைப் பார்த்து வருவதில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல. வருடா வருடம் இருபத்தொன்பதாம் நோன்பன்று மேற்கே பார்த்து நின்றவள்தான். இந்த வருடம் அது ஞாயிறு. மஃரிப் தொழுகைக்குப் பிறகு மேற்கே, களப்பு நீருக்கு மேல் ஒரே மேகம். நாட்டில் வேறெங்கும் பிறை தென்படவில்லையென்றும், நோன்பு முப்பதாகப் பூர்த்தியாகும், பெருநாள் செவ்வாய்க்கிழமை என்றும் வானொலியில் சொன்னார்கள்.

உப்பு லொறி ஓட்டும் அவள் கணவர் பாயிஸ் பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

“அப்ப சிலாபத்தில பெருநாளா?”

பெருநாளன்று யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. தொழுகை, வருகிறவர்கள், போகவேண்டிய வீடுகள். அன்றைக்கு ஜவ்பர் மனைவியின் உம்மா வீட்டில் இருந்தாகவேண்டும்.

“கூடினத எடுத்திரிந்தா இப்பவும் கான்சல் பண்ணலாம். பன்னண்டு மணி வரைக்கும் டைம் இரிந்திச்சி” என்றாள் றிஸ்னா.

“கத்தரிக்காய்க்கு மூணு கடை ஏறி எறங்கிற பொம்புள” என்று பாயிஸ் தொடங்கினார். ஸுல்பிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தேநீரோடு விழுங்கினார்.

பதிவு உறுதியான மின்னஞ்சலில் வீட்டுக்காரரின் நம்பர் இருந்தது. நிக்கொலஸ் என்று பெயர். ஸுல்பிகா அவருக்கு எடுத்தாள்.

“புதனுக்கு மாத்தித் தரலாமா அண்ணன்? எங்களுக்குப் பெருநாள் ஒரு நாள் தள்ளிட்டு.”

“புதன் வெறுமையா இருந்தா நான் இப்பவே மாத்தித் தருவன் தங்கச்சி. ஒங்கட ஆக்கள் ஒரு குடும்பம் ஒரு மாசத்துக்கு முந்தியே புதனைப் புடிச்சு வச்சிருக்கு. கான்சல் பண்ணக்கூடிய மாதிரி எடுத்தவங்க. பிறை பாத்திட்டுச் சொல்றம் எண்டாங்க. இப்பதான் கோல் வந்திச்சு, வாறாங்களாம்.”

“அப்ப எங்கட காசு?”

“நான் ஓம் எண்டா தளத்துக்காரர் திருப்புவாங்க. ஆனா ஒங்களுக்காகச் செவ்வாய்க்கு வந்த ரெண்டு பேருக்கு இல்லையெண்டு சொன்னனான். நாளை மறுநாளைக்கு இனி ஆரை நான் தேடிப் புடிக்கிற? சொல்லுங்க.”

சரி அண்ணன் என்று வைத்தாள்.

பிறகு நானாவுக்கு எடுத்தாள். எல்லோரும் இருக்கும் இடத்திலேயே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“நானா, அந்த ஊடு புதனுக்கு இல்லையாம்.”

“கட்டின காசு?”

“போயிட்டு.”

“கான்சல் பண்ற மாதிரி ஒண்டும் இரிக்கல்லயா?”

“இரிந்திச்சி.”

“அப்ப ஏன் அத எடுக்கல்ல? பிறை விசயம் தெரியாதவளா நீ?”

அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். “விலை குறைவெண்டு எடுத்தன்” என்றாள்.

“பெருநாள் கழிஞ்சி ஆறுதலா ஒரு நாள் பாப்பமே” என்றார் ஜவ்பர்.

“இல்ல நானா. புதனுக்கே வேற ஒண்டு பாக்கிறன். வாறீங்கதானே?”

“இன்ஷா அல்லாஹ்” என்றார்.

போனை றிஸ்னாவிடம் கொடுத்துவிட்டு ஸுல்பிகா கதிரையில் உட்கார்ந்தாள். றிஸ்னா புதன்கிழமையைப் போட்டுத் தேடினாள். விடுமுறை எல்லோருக்கும் தள்ளிப்போனதால் பட்டியல் குறுகியிருந்தது, விலைகள் ஏறியிருந்தன. சிலாபத்துக்கு வெளியே கடற்கரை வீதியில் ஒரு வீடு கிடைத்தது. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். காட்டும் விலைக்கு மேல் வரி வேறு. காலைச் சாப்பாடு இல்லை. ரத்துக்குக் குறித்த நேரம் இலங்கை நேரப்படிதான்.

“இதுலயும் ரெண்டு மாதிரி இரிக்கும்மா. ஒண்டுல நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள கான்சல் பண்ணினா காசு வரும். மத்ததுல வராது. குறைவு.”

“என்னத்துக்கு யோசின? கான்சல் பண்ணக்கூடியதையே போடுங்க” என்றார் பாயிஸ்.

றிஸ்னா போடவில்லை. உம்மாவைப் பார்த்தாள்.

“மாமா என்னதான் சொன்னார்?”

“கேட்டாய்தானே. இன்ஷா அல்லாஹ் எண்டார்.”

“அது தெரியும். வாறத்துக்குச் சொன்ன இன்ஷா அல்லாஹ்வா, போன வைக்கிறத்துக்குச் சொன்னதா?”

இரண்டு விலையும் றிஸ்னாவின் கையில் திறந்திருக்க, ஸுல்பிகா எழுந்தாள். நாளைய ஸஹர் சாப்பாட்டுக்கு அரிசி ஊறப்போடவில்லை என்று எவருக்கும் சொல்லாத குரலில் சொல்லிக்கொண்டு குசினிக்குப் போனாள்.